பத்திரத்தில் டாலர், வரவில் ரூபாய்: 1998 இந்தியக் கடன்பத்திரத்தில் நாணய இடர் யார் தலையில் விழுந்தது

1998 மே 11, 13 ஆகிய இரு நாட்களில் இந்தியா பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அமெரிக்காவும் ஜப்பானும் உடனே பொருளாதாரத் தடை விதித்தன. ஜூன் மாதம் மூடிஸ் நிறுவனம் இந்தியாவின் கடன் தரத்தை முதலீட்டுத் தகுதிக்குக் கீழே இறக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய கிழக்கு ஆசிய நாணய நெருக்கடியும் அப்போது ஓயவில்லை. மே தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 40 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்த மாற்று விகிதம், சில வாரங்களிலேயே 42 ரூபாயைத் தாண்டியது. அந்த நேரத்தில் வெளிநாட்டுச் சந்தைக்குப் போய்க் கடன் கேட்டால் வட்டி எகிறியிருக்கும். கேட்ட தொகை கிடைக்குமா என்பதும் சந்தேகம்.

அரசு வேறு கதவைத் தட்டியது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கு மட்டும் என்று ஒரு கடன்பத்திரம் வந்தது. பெயர் ரீசர்ஜண்ட் இந்தியா பாண்ட். வெளியிட்டது பாரத ஸ்டேட் வங்கி. ஐந்து ஆண்டு முதிர்வு. டாலரில் வாங்கினால் 7.75 சதவீத வட்டி, பவுண்டில் 8 சதவீதம், ஜெர்மன் மார்க்கில் 6.25 சதவீதம். இந்தியாவில் வருமான வரி கிடையாது. 1998 ஆகஸ்ட் மாதத்தில், சில வாரங்களுக்குள், சுமார் 420 கோடி டாலர் சேர்ந்தது. அன்று நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 2,700 கோடி டாலர் அளவில்தான் இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும்.

புலம்பெயர்ந்தோர் பத்திரம் என்றாலே பேச்சு தேசப்பற்றில் தொடங்கி தேசப்பற்றில் முடிந்துவிடுகிறது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு ஒரு கேள்வி. பத்திரம் டாலரில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அரசுக்கு வரி ரூபாயில் வருகிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை ஐந்து ஆண்டுகள் யார் சுமந்தார்கள்? அந்தச் சுமைக்கு யார், எவ்வளவு விலை கொடுத்தார்கள்? இந்தப் பத்திரம் முதிர்ந்து, பணம் திரும்பி, கணக்கு முடிந்துவிட்டதால் இதற்கு விடையை எண்ணிலேயே பார்க்க முடிகிறது.

டாலர் எங்கே போனது

துபாயிலோ லண்டனிலோ ஒருவர் கொடுத்த டாலர் பாரத ஸ்டேட் வங்கியின் கைக்கு வந்தது. வங்கிக்கு டாலர் தேவையில்லை. உள்நாட்டில் கடன் கொடுக்க ரூபாய்தான் வேண்டும். அதனால் டாலர் ரிசர்வ் வங்கியின் கையிருப்பில் சேர்ந்தது, ஸ்டேட் வங்கியின் கைக்கு ரூபாய் வந்தது. அந்த ரூபாய் உள்நாட்டுக் கடனாகவும் முதலீடாகவும் மாறியது.

அந்த நிமிடம் முதல் ஸ்டேட் வங்கியின் ஏட்டில் ஒரு கோணல் விழுந்துவிட்டது. கடன் டாலரில், சொத்து ரூபாயில். ரூபாய் ஒரு சதவீதம் சரிந்தால் சொத்து அப்படியே இருக்கும், கடன் மட்டும் ரூபாய்க் கணக்கில் ஒரு சதவீதம் வீங்கும். 420 கோடி டாலருக்கு அந்த ஒரு சதவீதமே சுமார் 180 கோடி ரூபாய். ஒரு வணிக வங்கி இதைத் தனியாகத் தாங்காது. எனவே மாற்று விகித நட்டத்தில் ஒரு சிறிய முதல் பகுதியை வங்கி ஏற்பது, அதற்கு மேல் போவதை மத்திய அரசு ஏற்பது என்று பிரித்துக்கொண்டார்கள். பத்திரத்தின் முகப்பில் இருந்தது வங்கியின் பெயர். ரூபாய் சரிந்தால் பில் போவது அரசின் கருவூலத்துக்கு.

இந்த ஏற்பாட்டை நான் கொஞ்சம் கவலையோடுதான் பார்க்கிறேன். அரசு வாங்கும் சாதாரணக் கடனுக்கு வட்டி ஆண்டுதோறும் பட்ஜெட்டில் தெரியும். இப்படிப்பட்ட உத்தரவாதம் தெரியாது. ரூபாய் சரிந்த பிறகுதான் செலவாக எழுந்து நிற்கும். பத்திரம் விற்கும் நாளில் '7.75 சதவீதத்துக்குப் பணம் கிடைத்தது' என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதி உண்மை.

இந்தியாவுக்கு இதில் பழைய காயமும் உண்டு. 1975இல் தொடங்கிய ஒரு வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புத் திட்டத்தில், மாற்று விகித இடர் முழுவதையும் ரிசர்வ் வங்கியே ஏற்றுக்கொண்டது. அன்று டாலர் 8 ரூபாய் சுமார். 1993இல் 31 ரூபாய். அந்தச் சரிவின் நட்டம் ரிசர்வ் வங்கியின் ஏட்டில் மலைபோல் குவிந்தது. அந்தத் திட்டத்தைப் படிப்படியாக மூடத் தொடங்கி, இடரை வங்கிகளே சுமக்கும் புதிய திட்டத்தை 1993இல் கொண்டுவந்தார்கள். அதற்கு ஐந்தே ஆண்டு கழித்து, நெருக்கடி வந்ததும், அதே உத்தரவாதம் வேறு உடையில் திரும்பி வந்தது.

நூறு டாலரின் கதை

சரி, ஒரு நூறு டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு ஐந்து ஆண்டு கூடவே நடப்போம். விகிதங்களைத் தோராயமாக வைத்துக்கொள்கிறேன். நாள் கணக்கில் சில பைசா முன்னே பின்னே இருக்கும்.

1998 ஆகஸ்டில் ஒரு டாலர் சுமார் 42.50 ரூபாய். ஆக, நூறு டாலர் கொடுத்தவரிடமிருந்து நாட்டுக்குள் வந்தது 4,250 ரூபாய். வட்டியை இடையில் வாங்காமல் சேர்த்துக்கொண்டே போனால், ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி என்ற கணக்கில், 7.75 சதவீதம் ஐந்து ஆண்டில் நூறு டாலரை 145.24 டாலர் ஆக்கும். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாங்கிய நாளிலேயே தெரிந்த எண். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: அந்த 145.24 டாலரை வாங்க 2003இல் எத்தனை ரூபாய் வேண்டும்?

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டும். அன்று இந்திய அரசு உள்நாட்டில் ஐந்தாண்டுக் கடனை ரூபாயில் வாங்கியிருந்தால் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வட்டி கொடுத்திருக்கும். 11.75 என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டியில் 4,250 ரூபாய் ஐந்து ஆண்டில் சுமார் 7,407 ரூபாய் ஆகும். இதை 145.24ஆல் வகுத்தால் வருவது 51 ரூபாய்.

இந்த 51தான் இந்தக் கதையின் மைய எண். 2003இல் டாலர் 51 ரூபாயில் நின்றால், டாலரில் வாங்கினாலும் ரூபாயில் வாங்கினாலும் அரசுக்குச் செலவு ஒன்றே. 51க்குக் கீழே நின்றால் அரசுக்கு லாபம். 51ஐத் தாண்டினால், உள்நாட்டிலேயே கடன் வாங்கியிருக்கலாமே என்று வருந்த வேண்டியதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 சதவீதச் சரிவு வரை தாங்கும் என்று பொருள். 1991இல் இரண்டே நாள் இடைவெளியில் இருமுறை ரூபாய் மதிப்பைக் குறைத்த நாட்டுக்கு, அந்த 3.7 சதவீதம் ஒன்றும் பெரிதாகத் தெரிந்திருக்காது.

நடந்தது என்ன? முதல் நான்கு ஆண்டு ரூபாய் மெல்ல மெல்லச் சரிந்தது. 2002 மே மாதம் டாலர் 49 ரூபாயைத் தொட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளை நிறுத்தியிருந்த காலம் அது. 51 கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அப்புறம் காற்று திசை மாறியது. உலகச் சந்தை முழுவதிலும் டாலர் பலவீனமானது. இந்தியாவுக்குள் மூலதனம் வரத் தொடங்கியது. 2003 அக்டோபரில் பத்திரம் முதிர்ந்தபோது டாலர் 45.50 அளவில் நின்றது.

145.24ஐ 45.50ஆல் பெருக்கினால் 6,608 ரூபாய். 4,250 ரூபாய் ஐந்து ஆண்டில் 6,608 ஆகியிருக்கிறது என்றால் ஆண்டு வட்டி 9.2 சதவீதம். விளம்பரத்தில் இருந்தது 7.75, கருவூலத்துக்கு உண்மையில் ஆன செலவு 9.2, உள்நாட்டில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு 11.75. ஒவ்வொரு நூறு டாலரிலும் அரசு சுமார் 800 ரூபாய் மிச்சப்படுத்தியது.

ரூபாய் வேறு பாதையில் போயிருந்தால்? டாலர் 55 ரூபாயில் நின்றிருந்தால் அதே 145.24 டாலருக்கு 7,988 ரூபாய் தேவைப்பட்டிருக்கும். ஆண்டுச் செலவு 13.5 சதவீதம். அப்போது இந்தப் பத்திரத்தைப் பாடப்புத்தகத்தில் எச்சரிக்கைக் கதையாக எழுதியிருப்பார்கள். ஒரே பத்திரம், ஒரே ஒப்பந்தம். கடைசி பதினெட்டு மாதத்தில் டாலர் பலவீனமானதுதான் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையில் நின்றது. அந்தப் பலவீனத்தை டெல்லியில் யாரும் திட்டமிடவில்லை. ஆகவே '9.2 சதவீதத்தில் முடிந்தது' என்பதை வைத்து முடிவு சரி என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முடிவு சரியா என்று பார்க்க வேண்டிய இடம் 1998. அன்று டாலர் உடனே தேவைப்பட்டது, வேறு வழி குறுகியிருந்தது என்பதுதான் அதற்கான நல்ல வாதம்.

மார்க்கில் வாங்கியவர்களின் கணக்கு தனி ருசி. இடையில் ஜெர்மன் மார்க்கே இல்லாமல் போய், யூரோ வந்துவிட்டது. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்ற நிலையான விகிதத்தில் மாற்றிப் பார்த்தால், 1998இல் ஒரு யூரோவின் அளவு சுமார் 46 ரூபாய். 2003 அக்டோபரில் சுமார் 53 ரூபாய். டாலருக்கு எதிராக ஏழு சதவீதம் சரிந்த ரூபாய், யூரோவுக்கு எதிராக அதைப்போல் இரண்டு மடங்கு சரிந்திருக்கிறது. ஆனால் மார்க்கின் வட்டி 6.25 மட்டுமே. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அரசுக்கு ஆன ரூபாய்ச் செலவு டாலர் பத்திரத்தின் செலவுக்கு மிக அருகில், 9 சதவீதத்தை ஒட்டியே வருகிறது. குறைந்த வட்டி கேட்கும் நாணயம் மலிவான நாணயம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

வாங்கியவர் எந்த நாணயத்தில் வாழப்போகிறார்

இனி மறுபக்கம். டாலர் பத்திரம் வாங்கியவருக்கு நாணய இடர் இல்லை என்று விற்பனைத் தாள்கள் சொல்லும். அது எல்லோருக்கும் உண்மை அல்ல. இடர் பத்திரத்தின் நாணயத்தில் இல்லை. அந்தப் பணத்தைக் கடைசியில் எந்த ஊரில், எந்த நாணயத்தில் செலவு செய்யப்போகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் வேலை பார்த்து, அங்கேயே வீடு வாங்கி, பிள்ளைகளை அங்கேயே படிக்க வைப்பவருக்கு 145.24 டாலர் என்பது 145.24 டாலர்தான். ரூபாய் எங்கே போனாலும் அவருக்குக் கவலை இல்லை. வளைகுடா நாடுகளில் இருப்பவர்களுக்கும் கிட்டத்தட்ட அப்படியே. திர்ஹாமும் சவுதி ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை.

ஆனால் ஐந்து ஆண்டில் ஊர் திரும்பி ரூபாயில் வாழப்போகிறவரைப் பாருங்கள். அவர் 1998இல் அதே 4,250 ரூபாயை 11.75 சதவீத ரூபாய்க் கடன்பத்திரத்தில் போட்டிருந்தால் 7,407 ரூபாய் கையில் இருந்திருக்கும். டாலர் பத்திரம் கொடுத்தது 6,608. அவர் விட்டது 800 ரூபாய். அரசு மிச்சப்படுத்தியதும் அதே 800 ரூபாய். இது தற்செயல் அல்ல, ஒரே நாணயத்தின் இரு பக்கம். ரூபாய் படுவேகமாகச் சரிந்தால் என்ன ஆகும் என்ற பயத்துக்கு அவர் கொடுத்த காப்பீட்டுத் தவணை அது. டாலர் 55 ஆகியிருந்தால் அந்தக் காப்பீடு அவரைக் காப்பாற்றி, அரசின் பையிலிருந்து சுமார் 580 ரூபாயை அவர் பக்கம் தள்ளியிருக்கும். காப்பீட்டைப் பயன்படுத்த நேரவில்லை என்பதற்காகத் தவணை வீண் என்று சொல்ல மாட்டோம் அல்லவா? ஆனால் தவணை கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும். வாங்கியவர்களில் பலர் அப்படி யோசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

தாளில் மறைந்த இடர் எங்கே திரும்பி வரும்

இதுவரை சொன்னதில் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. பத்திரத்தில் டாலர் என்று எழுதிவிட்டால் நாணய இடர் அரசின் பக்கம் போய்விடுகிறது, வாங்கியவர் நிம்மதியாக இருக்கலாம் என்பது அரசு டாலரைக் கொடுக்க முடியும் வரைதான். நாணயம் நொறுங்கும் நாளும் அரசின் கையில் டாலர் தீரும் நாளும் பெரும்பாலும் ஒரே நாளாக இருக்கும். அந்த நாளில் அரசு சுமந்த நாணய இடர், திவால் இடராக உருமாறி வாங்கியவரிடமே திரும்பி வரும்.

இதைப் புரிந்துகொள்ள இலங்கையைப் பார்த்தால் போதும். ஸ்ரீலங்கா அபிவிருத்திப் பத்திரம் என்று டாலரில் ஒரு பத்திரத்தை அந்த அரசு 2001 முதல் விற்றுவந்தது. உள்நாட்டு வங்கிகள்தான் பெரிதும் வாங்கின என்றாலும், வெளிநாட்டில் வாழும் இலங்கையர்களும் வாங்கத் தகுதி பெற்றவர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 இலங்கை ரூபாயாக இருந்த டாலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. நடுவில் ஏப்ரல் 12ஆம் தேதி அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. இந்தப் பத்திரங்கள் உள்நாட்டுச் சட்டத்தின் கீழ் வெளியிடப்பட்டவை. அதனால் 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின் பட்டியலில் அவற்றையும் சேர்த்தார்கள். வைத்திருந்தவர்கள் முன் வைக்கப்பட்டவை மூன்று வழிகள்: அசலில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து டாலரில் வாங்குவது, அசலைக் குறைக்காமல் மிகக் குறைந்த வட்டிக்கு நீண்ட காலம் காத்திருப்பது, அல்லது இலங்கை ரூபாய்ப் பத்திரமாக மாற்றிக்கொள்வது. மூன்றாவது வழியைக் கவனியுங்கள். எந்த நாணயத்திலிருந்து தப்ப டாலர் பத்திரம் வாங்கினார்களோ, அதே நாணயம் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டது.

இதற்கு எதிர்முனையில் இஸ்ரேல் இருக்கிறது. 1951 முதல் உலகெங்கும் உள்ள யூதர்களுக்கு டாலரில் பத்திரம் விற்று வருகிறது, ஒருமுறைகூடத் தவணை தவறவில்லை. 1984இல் அங்கே பணவீக்கம் 400 சதவீதத்தைத் தாண்டியது. மறு ஆண்டே ஆயிரம் பழைய ஷேக்கலுக்கு ஒரு புதிய ஷேக்கல் என்று நாணயத்தையே மாற்றினார்கள். அந்தக் கொந்தளிப்பிலும் டாலர் பத்திரம் வைத்திருந்தவருக்கு டாலர் வந்தது. ஆக, டாலர் என்று எழுதியிருப்பது பலன் தரும்தான். அதன் பின்னால் டாலர் வரும் வழி இருந்தால்.

அந்த வழி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது, முதிரும் தொகை நாட்டின் கையிருப்பில் எத்தனை பங்கு என்பதைத்தான். 2003 அக்டோபரில் இந்தியா திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 550 கோடி டாலர். 1998இன் கையிருப்பான 2,700 கோடியோடு ஒப்பிட்டால் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரே நாளில் வெளியேறினால் சந்தை நடுங்கும். 2003இல் கையிருப்பு 9,000 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்திருந்ததால் அது ஆறு சதவீதமாகச் சுருங்கிவிட்டது. உள்நாட்டில் சுமார் 25,000 கோடி ரூபாய் பண ஓட்டத்திலிருந்து வெளியே போனதும், வங்கிகளிடம் பணம் மிதமிஞ்சி இருந்த காலமாகையால், பெரிய அதிர்வை உண்டாக்கவில்லை.

அடுத்து பார்ப்பது, பத்திரம் எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் என்பதை. இலங்கையில் அது எப்படிப் பாதித்தது என்று மேலே பார்த்தோம். நைஜீரியா 2017இல் 30 கோடி டாலருக்குப் புலம்பெயர்ந்தோர் பத்திரம் விற்றபோது அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்தே விற்றது. ஐந்து ஆண்டு, 5.625 சதவீதம், 2022இல் திருப்பிக் கொடுத்தது. பதிவு செய்ய வக்கீல் செலவு, கணக்கு வெளியீடு, காலதாமதம் எல்லாம் உண்டு. எத்தியோப்பியாவின் மின் நிறுவனம் நைல் நதி அணைக்காகப் பதிவு செய்யாமலே அமெரிக்காவில் பத்திரம் விற்று, 2016இல் சுமார் 65 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பதிவு நாணய இடரைக் குறைக்காது. ஆனால் அரசின் கையிருப்பும் கடனும் எவ்வளவு என்பதை வாங்குபவர் படிக்கும்படி எழுதிவைக்கச் செய்யும்.

2013இல் அதே கணக்கு, வேறு தோள்

2013 ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. இந்த முறை பத்திரம் விற்கவில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் மூன்று ஆண்டோ அதற்கு மேலோ டாலரில் வைப்பு வைத்தால், அந்த டாலரை வங்கியிடமிருந்து வாங்கிக்கொண்டு, முதிர்வு நாளில் ஆண்டுக்கு 3.5 சதவீதம் என்ற நிலையான செலவில் திருப்பித் தருவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சந்தையில் அதே பாதுகாப்புக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கும். மீதியை ரிசர்வ் வங்கி தன் ஏட்டில் ஏற்றது.

நவம்பர் முடிவதற்குள் இந்த வழியில் மட்டும் சுமார் 2,600 கோடி டாலர் வந்தது. அதில் கணிசமான பகுதி சேமிப்பே அல்ல. தம்மிடம் பத்து டாலர் இருந்தவருக்கு வெளிநாட்டு வங்கிகள் பல மடங்கு டாலர் கடன் கொடுத்து, அதையும் சேர்த்து வைப்பில் போடச் சொல்லின. கடனும் டாலர், வைப்பும் டாலர் என்பதால் வைத்தவருக்கு நாணய இடர் துளியும் இல்லை. வட்டி வித்தியாசம் மட்டும் லாபம். 2016 செப்டம்பர் முதல் நவம்பர் வரை இவை முதிர்ந்தபோது டாலர் 67 ரூபாய் அளவில், திட்டம் தொடங்கியபோது இருந்ததற்கு வெகு தூரம் போகாமல் நின்றது. ரிசர்வ் வங்கி முன்கூட்டியே டாலரை ஏற்பாடு செய்து வைத்திருந்ததால் பணம் வெளியேறியது செய்தித்தாள்களில் சின்னச் செய்தியாக முடிந்தது.

1998இல் 51 என்ற எண்ணைக் கணக்குப் போட்டது போல இங்கேயும் போடலாம். ஒப்பந்த நாளில் டாலர் விலை 63 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு 3.5 சதவீதம் சேர்த்தால், மூன்று ஆண்டு கழித்து ரிசர்வ் வங்கி வாங்கும் ரூபாய் டாலருக்கு சுமார் 70. சந்தையில் டாலர் 70க்குள் இருக்கும்வரை ரிசர்வ் வங்கிக்கு விலையில் நட்டம் இல்லை. 67இல் நின்றது. இரண்டு முறையும் கோட்டுக்கு இந்தப் பக்கமே விழுந்திருக்கிறது. இரண்டு முறையும் கோடு எங்கே என்று வைப்பு வைத்தவரிடம் யாரும் சொல்லவில்லை.